ஒன்பதாம் குறிப்பில் எழுதாமல் விட்டது

எங்கள் ஆபீசில் முடிவுக் குறிப்பு எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். அதைச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது. சொல்லாமல் விட்டால் மற்றது எதுவும் விளங்காது.

சரவணம்பட்டியில் மூன்றாவது மாடியில் எங்கள் கம்பெனி. தோட்டத்து மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்து விற்கிறோம். மொபைல் ஸ்டார்ட்டர் என்பார்கள். கிணற்று மேட்டில் பேனலுக்குள் பெட்டி இருக்கும், அதற்குள் ஒரு சிம் இருக்கும். கோயமுத்தூரில் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு கோபிசெட்டிபாளையத்து வாழைக்குத் தண்ணீர் விடலாம். போனில் தட்டினால் கட்டளை எங்கள் சர்வருக்கு வந்து, அங்கிருந்து பெட்டிக்குப் போகும். இன்றைக்குப் பதினோராயிரம் பெட்டிகள் ஓடுகின்றன.

என் பெயர் அம்புஜம். அந்தப் பெட்டியின் மென்பொருளை முதல் வரியிலிருந்து எழுதிய மூன்று பேரில் இங்கே மிச்சம் இருப்பவள். மற்ற இரண்டு பேரும் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாம் இதை ஏன் இப்படிச் செய்தீர்கள், அதை ஏன் அப்படி விட்டீர்கள் என்று என் உயிரை எடுத்ததால், 2018இல் ஒரு சட்டம் போட்டேன். பெரிய முடிவு எதை எடுத்தாலும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் ஒரு குறிப்பு. மேலே எண்ணும் தேதியும். அப்புறம் எந்த நிலைமையில் இந்த முடிவு வந்தது, முடிவு என்ன, வேறு எதையெல்லாம் யோசித்துத் தள்ளினோம், இதனால் வரப்போகும் நல்லது கெட்டது என்ன. புரோகிராம் கோடு எங்கே இருக்கிறதோ அங்கேயே குறிப்பும் இருக்க வேண்டும். பழைய குறிப்பை அழிக்கக் கூடாது, உள்ளே இருப்பதைத் திருத்தவும் கூடாது. முடிவு மாறினால் புதுக் குறிப்பு எழுதி, இது இன்ன எண்ணுக்குப் பதில் என்று போட வேண்டும். பழையதன் தலையில் மட்டும் 'மாற்றப்பட்டது, இன்ன எண்ணைப் பார்க்க' என்று ஒரு வரி சேர்க்கலாம். என்ன செய்தோம் என்று கோடே சொல்லிவிடும், ஏன் செய்தோம் என்பதை எழுதித் தொலையுங்கள் என்று நான் கத்தாத நாள் கிடையாது.

கத்தினவள் எழுதிய லட்சணத்தைக் கேளுங்கள்.

குறிப்பு ஒன்பது. தேதி 24 ஏப்ரல் 2019. நிலைமை: கள அனுபவம், வாடிக்கையாளர் கருத்து. முடிவு: பேனலில் சிவப்புப் பட்டனை அழுத்திக் கையால் நிறுத்திய மோட்டாரைப் போனிலிருந்து ஓட்ட முடியாது; அதே பேனலில் பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். விளைவு: சிலருக்குச் சிறு அசௌகரியம். கையொப்பம் அம்புஜம்.

எங்கள் ஆபீசில் யார் மனசும் நோகாமல் எழுதுவதுதான் எழுத்து. விவசாயி பெட்டியைத் தடியால் அடித்து உடைத்திருந்தாலும் புகார் புத்தகத்தில் 'பெட்டி பழுதடைந்த நிலையில் இருந்தது' என்றுதான் போடுவோம். யார் பெயரும் இழுக்கப்படாது, யாரும் தப்புச் செய்ததாக இருக்காது. அந்த மரியாதையைத்தான் ஒன்பதாம் குறிப்பிலும் காட்டினேன் என்று ஆறு வருசமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சைப் பொய்.

போன மார்ச்சில் ஒரு புதன்கிழமை. காலை பத்தே முக்கால் இருக்கும். நான் இரண்டு வருசமாக சர்வீஸ் பக்கம் போய்விட்டேன், மென்பொருள் குழுவை வர்ஷினி பார்க்கிறாள். முப்பது வயசுகூட ஆகவில்லை, கெட்டிக்காரி. அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்குப் புதுப் பதிப்பு எல்லாப் பெட்டிகளுக்கும் போகிறது என்று மெயில் வந்தது. என்ன மாற்றம் என்று பார்க்கலாம் என்று குறிப்பைத் திறந்தேன். எண் முப்பத்தொன்று. முதல் வரியே 'இது ஒன்பதாம் குறிப்புக்குப் பதில்.'

அந்தப் பிள்ளை எழுதியிருந்ததில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஒன்பதாம் முடிவு வாடிக்கையாளர் கருத்தால் எடுத்தது, இப்போது வாடிக்கையாளர் கருத்து மாறிவிட்டது என்று புகார்களை எல்லாம் எண்ணிப் போட்டிருந்தாள். தோட்டத்து ஆள் பேனலில் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார், வெளியூரில் இருக்கும் முதலாளிக்குப் போனில் மோட்டாரை ஓட்ட முடியவில்லை, பயிர் காய்கிறது. கடைசியில் ஒரு வரி: 'ஒன்பதாம் குறிப்பில் பாதுகாப்புக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை.' அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்துவிட்டேன். நாற்பது பெட்டிகளில் முந்தின நாளே போட்டுச் சோதித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

வர்ஷினி இடத்துக்குப் போய் நிறுத்தச் சொன்னேன். ஏனுங்க அக்கா என்று கேட்டாள். ஆபத்து என்றேன். என்ன ஆபத்து என்றாள். பேனலில் நிறுத்திவிட்டு யாராவது பம்பில் கை வைத்திருப்பார்கள் என்றேன். அவள் பொறுமையாக, பம்பில் கை வைக்கிறவர் மெயினை இறக்கிவிட்டுத்தானே வைப்பார், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் புத்தகத்திலேயே அப்படித்தானே இருக்கிறது என்றாள். பக்கத்தில் அவள் குழுவில் இருக்கும் தேஜா தலையை ஆட்டினான். அவர்கள் கேட்டது நியாயம்.

"அக்கா, நீங்கதானுங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. காரணத்த எழுதுங்க, எழுதாம வாயில சொல்றது செல்லாதுன்னு," என்றாள் வர்ஷினி. "ஒம்பதுல இல்லாத காரணம் ஒண்ணு இருந்தா இப்பச் சொல்லுங்க. நான் ரெண்டு மணிக்குப் போடல."

சொல்லலாம். ஆனால் வராந்தாவுக்குப் போய் முதலாளி திருமலைசாமிக்குப் போன் போட்டேன். விசயத்தைச் சொன்னேன். அவர் தணிந்த குரலில், ஆறின புண்ணை எதுக்குக் கிளறுகிறீர்கள், பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் மனசை அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் இடத்துக்குத் திரும்பி, அந்த நாற்பது பெட்டி எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியலை எடுத்தேன். எடுத்தது ஏன் என்று எனக்கே தெரியவில்லை, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பக்கத்தில் அன்றைய சர்வீஸ் பட்டியலும் திறந்திருந்தது. இரண்டிலும் ஒரே பெட்டி எண் இருந்தது.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு வாழைத் தோட்டம். உரிமையாளர் மனோஜ்குமார், கோயமுத்தூரில் இருக்கிறார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ராசம்மாள் கூப்பிட்டு, பம்பில் தண்ணீர் கசிகிறது என்று சொல்லியிருக்கிறார். எங்கள் மெக்கானிக் கௌதமன் போயிருக்கிறான். பதினொன்று இருபதுக்கு 'கிணற்றில் இறங்குகிறேன்' என்று பதிந்திருக்கிறான்.

அந்தக் கிணற்றில் பம்பு மேலே கிடையாது. பாதி ஆழத்தில் திட்டுக் கட்டி அதன்மேல் மோட்டாரும் பம்பும் இருக்கும், பேனல் மேலே சாளைக் கொட்டகையில் இருக்கும். கீழே குனிந்திருக்கிறவனுக்கு மேலே நடப்பது எதுவும் தெரியாது. மும்முனைக் கரண்ட் இல்லாத நேரம் பார்த்துத்தான் இறங்குவார்கள். அந்த லைனில் கரண்ட் பன்னிரண்டு மணிக்கு வரும். வந்த உடனே மனோஜ்குமார் போனுக்கு 'கரண்ட் வந்துவிட்டது' என்று எங்கள் பெட்டியே செய்தி அனுப்பும். அவர் தட்டுவார். ஆள் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது.

மெயினை இறக்கியிருப்பான் என்று வர்ஷினி சொன்னாளே, இறக்கியிருக்க மாட்டான். மெயினை இறக்கு, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள் என்று எங்கள் மெக்கானிக்குகளின் வேலைத் தாளில் முதல் வரியாக இருந்ததை 2020இல் எடுத்தவள் நான். அதுதான் ஒன்பதாம் முடிவு இருக்கிறதே, சிவப்புப் பட்டனை அழுத்தினால் போதுமே, பையன்கள் பழைய ஃபியூஸ் கட்டையில் கை வைத்து ஷாக் வாங்குவானேன் என்று எடுத்தேன். ஒன்பதை நம்பித்தான் அந்த வரி போயிற்று என்பதை ஒன்பதில் சேர்த்து எழுதவும் முடியாது, தனிக் குறிப்பு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எழுதினால் ஒன்பது ஏன் வந்தது என்று யாராவது கேட்பார்களே.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

கௌதமனுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது; இறங்கும்போது போனை வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் இறங்குவான். ராசம்மாள் போன் அணைந்திருந்தது. மனோஜ்குமார் எண் வேறு ஒரு அழைப்பில் இருந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதேதான். அவசரத்தில் எண்ணைத் தப்பாக அழுத்தி, யாரோ ஒரு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சாமியே, சாமியே என்று வாய் தானாக முனகியது. ஓடினேன். நாற்பத்தேழு வயசில் ஆபீசுக்குள் புடவையோடு ஓடினேன்.

கோபியில் ஒரு ஆள் கிணற்றுக்குள் இருக்கிறான், நாற்பது பெட்டிக்கும் போன் கட்டளையை சர்வரிலேயே உடனே மறி என்றேன். வர்ஷினி முகம் மாறியது. ஆனால் கரண்ட் வரும் நேரத்தில் நாற்பது தோட்டத்தையும் மறிப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. எங்கள் முறைப்படி இரண்டு பேர் ஒப்புக்கொண்டு, காரணத்தை எழுதினால்தான் அந்த மறிப்பு போகும். தேஜா அதற்குள் திரையைத் திறந்துவிட்டான். காரணம் என்ற கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

வர்ஷினி என்னைப் பார்த்தாள். "இது மாதிரி எப்பவாச்சும் நடந்துருக்குங்களா அக்கா?"

"நடந்துருக்கு," என்றேன். "ஓட்டுனது நான்தான்."

அப்புறம் என் பேச்சு நிற்கவில்லை. 2019 ஏப்ரல் 17, காரமடை. டீலர்களை எல்லாம் மண்டபத்தில் உட்கார வைத்து, பாருங்கள், முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மோட்டார் இதோ ஓடப்போகிறது என்று மேடையில் நின்று என் விரலால் தட்டினேன். தட்டியதும் திரையில் பச்சை வந்தது. கை தட்டினார்கள். அந்தக் கிணற்றுக்குள் எங்கள் மெக்கானிக் தம்பிதுரை, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் கை வைத்திருந்தார். மேலே சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டுத்தான் இறங்கியிருந்தார். வலது கையில் நாலு விரல் போயிற்று. கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடிவிட்டது, அவர் சரியாக நிறுத்தவில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். முதலாளிக்குத் தெரியும். எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

நான் சொல்லி முடிக்கும் முன்பே தேஜா அடிக்க ஆரம்பித்திருந்தான். 'ஆள் கிணற்றுக்குள் இருக்கிறார்' என்று மட்டும் எழுதினான். வர்ஷினி தன் திரையில் ஒப்புதல் கொடுத்தாள். பதினொன்று ஐம்பத்தெட்டு. யாரும் உட்காரவில்லை. மனோஜ்குமாருக்கு வர்ஷினியும் போட்டாள், கௌதமனுக்கு நான் போட்டுக்கொண்டே இருந்தேன். என்னைக் கொன்றுபோடு கடவுளே, அந்தப் பையனை விட்டுவிடு என்று மனசுக்குள் மன்றாடினேன். அவனுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம்தான் ஆகியிருந்தது.

பன்னிரண்டு மணி நாலு நிமிசத்துக்கு அந்தப் பெட்டியிலிருந்து 'மும்முனைக் கரண்ட் வந்தது' என்று வரி வந்தது. ஆறாவது நிமிசம் இன்னொரு வரி வந்தது. போனிலிருந்து கட்டளை: ஓட்டு. அதற்கு அடியில் சிவப்பில், மறிக்கப்பட்டது. அரை நிமிசம் கழித்து மறுபடியும் ஓட்டு, மறுபடியும் மறிக்கப்பட்டது. மூன்றாவது தடவை. நாலாவது தடவை. அந்த மனிதர் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். அந்த மறிப்பு இல்லாவிட்டால் முதல் வரியிலேயே மோட்டார் சுற்றியிருக்கும்.

அப்புறம் என் போன் அடித்தது. மனோஜ்குமார். யாருங்க நீங்கள், பத்துத் தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள், அதுகூடப் பரவாயில்லை, உங்கள் பெட்டி மறுபடியும் மோட்டாரை எடுக்க மாட்டேன் என்கிறதே, நேற்றுத்தான் சரி செய்துவிட்டோம் என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள், என்ன கம்பெனி நடத்துகிறீர்கள் என்று பிடி பிடி என்று பிடித்தார். கிணற்றுக்குள் எங்கள் ஆள் இருக்கிறான் என்றேன். "நான் நாலு தடவ அமுத்திப்போட்டனுங்களே," என்றார். அவர் குரல் உடைந்து போயிருந்தது.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் கௌதமன் கூப்பிட்டான். கசிவு நின்றுவிட்டது, ஆனால் ஒரு போல்ட் மரை தேய்ந்திருக்கிறது, புதுசு அனுப்பட்டுமா என்று கேட்டான். இருபத்தாறு தடவை கூப்பிட்டிருக்கிறீர்களே, என்னங்க மேடம் என்றான். சாப்பிட்டுவிட்டு வா என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு மணிக்குப் போக வேண்டிய பதிப்பு போகவில்லை. நாற்பது பெட்டிகளுக்கும் பழைய பதிப்பே திரும்பப் போயிற்று. தேஜா அதைச் செய்துகொண்டிருந்தபோது வர்ஷினி என் எதிரில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்பதை இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் படித்துத்தான் முப்பத்தொன்றை எழுதினேன் அக்கா, ஏதாவது இருக்குமோ என்று தேடினேன் அக்கா என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு உயிர் போயிருக்கும். நான் எழுதாததற்கு அவள் வாழ்நாள் முழுக்க அழுதிருப்பாள்.

முப்பத்திரண்டாம் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். இது முப்பத்தொன்றுக்குப் பதில். முடிவு: கையால் நிறுத்தினால் கையால்தான் ஓட்ட வேண்டும் என்ற விதி திரும்ப வருகிறது. மெக்கானிக்குகளின் வேலைத் தாளில் ஃபியூஸ் கட்டை வரியும் திரும்ப வருகிறது. ஒன்று போனாலும் மற்றது காப்பாற்ற வேண்டும். முதலாளியின் எண் போனில் வந்தது. எடுத்து, எழுதிக்கொண்டிருக்கிறேன், பெயர் போட்டுத்தான் எழுதுவேன் என்று சொன்னேன். தம்பிதுரையைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள் அம்மணி என்றார்.

அதுவும் சரிதான். இன்னொருத்தர் பெயரை நான் எப்படி எழுதுவது. ஆறு வருசமாக நான் அழைக்காத எண்ணைத் தேடி எடுத்தேன். மணி நாலரை. தம்பிதுரை எடுத்தார். குரல் அப்படியே இருந்தது. யாருங்க என்றார். சொன்னேன். நல்லா இருக்கிறீர்களா அம்மணி, சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். மெக்கானிக் வேலையை அப்போதே விட்டுவிட்டாராம். மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருக்கிறேன், இடது கையே பழகிப் போயிற்று என்றார்.

சுற்றி வளைக்கத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த மோட்டாரைப் போனில் ஓட்டியது நான்தான், இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டேன், என்னை மன்னிக்க வேண்டாம், நடந்ததை உங்கள் பெயரும் என் பெயரும் போட்டு எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாது, இன்றைக்கே ஒரு பையன் போயிருப்பான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எந்த வசவு வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தேன்.

வசவு வரவில்லை. மாடு ஒன்று கத்தியது.

"அம்மணி," என்றார் கடைசியில். "அப்ப நான் சிவப்புப் பட்டன அமுத்திப்போட்டுத்தான் எறங்குனனுங்களா?"

"ஆமாங்க. பெட்டியில பதிஞ்சிருந்துச்சு. பத்து பதினாறுக்கு அமுத்துனீங்க. நான் பாத்தேன்."

"நெசமாலுமா?"

"நெசந்தானுங்க. நீங்க சரியாத்தான் நிறுத்துனீங்க."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அமுத்துனனா இல்லையான்னு எனக்கே வெளங்காமப் போச்சுங்க. இத்தன வருசமும் எந்திரிச்சா அதே நெனப்புத்தானுங்க. ஊட்டுலயும் சொல்லிச் சொல்லிக் காட்டுவா, நிறுத்தாமப் போயிக் கைய உட்டயேன்னு. நானும் இருக்கும்னு ஒத்துக்கிட்டேன்."

பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"பேரு தானுங்களே, எழுதிக்கங்க," என்றார். பிறகு போனை வாயிலிருந்து விலக்கிக் கூப்பிட்டார். "ஏ சுப்பாத்தா. இங்க வா. அந்தத் தட்டத்த வெச்சுப்போட்டு வா. இந்த அம்மணி சொல்றத நீயே கேளு."

யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அவர் மனைவி சுப்பாத்தாள் போனை வாங்கி, சொல்லுங்க என்றார். நான் அவருக்கு முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தேன்.